றகரத்தின் உறவும் டகரத்தின் உறவும்

தமிழ் நெடுங்கணக்கில் 'ன' என்று ஒலிக்கும் எழுத்துகள் மூன்று: ந, ன, ண. 'ல' என்று ஒலிப்பவையும் மூன்று: ல, ள, ழ. தட்டச்சிட்ட சுற்றறிக்கை, விண்ணப்பம், அழைப்பிதழ் எதை எடுத்தாலும் இவற்றில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து உட்கார்ந்திருப்பதைக் காணலாம். ஆனால் ஆறு எழுத்துகளும் ஒரே விதமாகக் குழம்புவதில்லை. நகரத்தையும் னகரத்தையும் இன்று பெரும்பாலோர் ஒன்றுபோலவே ஒலிக்கிறார்கள். அங்கே காது உதவாது. சொல்லுக்குள் எழுத்து நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மலையாள எழுத்தில் இந்த இரண்டு ஒலிகளுக்கும் ஒரே வடிவம்தான். தமிழில் வடிவம் இரண்டு என்பதால் இந்தச் சுமை எழுதுபவர் தலையில் விழுகிறது. ழகரமோ பல வட்டாரங்களில் ளகரத்தோடு கலந்துவிட்டது. தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் 'வாழைப்பழம்' என்பது 'வாளைப்பளம்' என்றே காதில் விழும். அப்படிப் பேசுபவர் அப்படியே தட்டச்சிடுவதில் வியப்பில்லை.

ன, ண இரண்டையும் 'இரண்டு சுழி', 'மூன்று சுழி' என்று சொல்லும் பழக்கம் பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. சுழியை எண்ணி வைத்த இந்தப் பெயர்கள் எழுத்தின் வடிவத்தைச் சொல்லுமே தவிர, எந்த எழுத்து எங்கே வரும் என்று சொல்லாது. அதைச் சொல்லும் பெயர்கள் வேறு இருக்கின்றன: தந்நகரம், றன்னகரம், டண்ணகரம். நெடுங்கணக்கு வரிசையில் த-வுக்கு அடுத்தது ந, ற-வுக்கு அடுத்தது ன, ட-வுக்கு அடுத்தது ண. வாய்க்குள் நாக்கு தொடும் இடமும் இணைக்கு இணை ஒன்றே. ஆகவே இந்த மூன்று வல்லெழுத்துகளுக்கு முன்னால் புள்ளியோடு நிற்கும்போது ஒவ்வொன்றும் தன் இணையோடுதான் நிற்கும்: பந்து, கன்று, வண்டு. 'ஆன்டு', 'வன்டி', 'மண்றம்', 'இண்று' போன்றவை எல்லாம் இந்த ஒரு விதியிலேயே அகப்பட்டுவிடும். அகராதியைத் தொடவே தேவையில்லை.

இந்த விதியைச் சோதனையாகப் பயன்படுத்தும்போது ஒரு நுட்பம் உண்டு. தமிழ்ச் சொல் எதுவும் டகரத்திலோ றகரத்திலோ தொடங்காது. எனவே இரண்டு சொற்கள் ஒட்டி நின்றாலும் 'ன்ட', 'ண்ற' என்ற சேர்க்கைகள் பிறக்க வழியில்லை. தமிழ்ச் சொல்லில் அவை கண்ணில் பட்டால் பிழை என்றே கொள்ளலாம். 'இன்டர்நெட்' போன்ற பிறமொழிச் சொற்கள் மட்டுமே விலக்கு. தகரத்தின் கதை வேறு. அது சொல்லின் முதலில் வரும் எழுத்து. அதனால் 'பின்தங்கிய', 'முன்தினம்', 'மண்தரை' போன்ற கூட்டுச் சொற்களில் 'ன்த', 'ண்த' முறையாகவே வரும். 'வன்தான்' பிழை, 'பின்தொடர்ந்தான்' பிழையில்லை.

சொல்லின் முதலில் வருவது ந மட்டுமே. ன, ண இரண்டும் எந்தச் சொல்லையும் தொடங்குவதில்லை. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் ன வரும். இவ்வளவோடு நின்றிருந்தால் ந–ன குழப்பமே இருக்காது. ஆனால் நகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் வேறொரு சொல்லோ முன்னொட்டோ ஒட்டும்போது நகரம் நடுவுக்கு வந்துவிடுகிறது. செய்நன்றி, அந்நாள், எந்நேரம், வெந்நீர் ஆகியவற்றில் நன்றி, நாள், நேரம், நீர் என்ற சொற்கள் உள்ளே இருக்கின்றன. வடமொழியிலிருந்து வந்த அநீதி, அநியாயம், விநியோகம், பிரதிநிதி ஆகியவற்றிலும் இதே கணக்குதான்: நீதி, நியாயம், நியோகம், நிதி. அனுபவம், அனுமதி ஆகியவற்றில் முன்னொட்டே 'அனு' என்பதால் ன வருகிறது. ஆகவே நடுவில் ந வருமா என்ற ஐயம் வந்தால், அந்த இடத்தில் சொல்லை வெட்டிப் பார்ப்பதே வழி. வெட்டிய பின் மிஞ்சும் துண்டு தனிச் சொல்லாக நின்றால் ந, நிற்காவிட்டால் ன. 'அநாதை', 'அனாதை' என இரண்டும் வழங்கும் சொற்களும் சில உண்டு. அவற்றில் எதை எழுதினாலும் ஆவணம் முழுவதும் ஒன்றையே எழுதினால் போதும்.

இந்த வெட்டுச் சோதனை தடுமாறும் இடம் எண்ணுப் பெயர்கள். காசோலையிலும் ரசீதிலும் கிரயப் பத்திரத்திலும் தொகையை எழுத்தால் எழுத வேண்டியிருப்பதால் இதைச் சற்று நின்று பார்க்கலாம். இருநூறு, முந்நூறு, ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு ஆகிய ஐந்திலும் 'நூறு' தன் நகரத்தோடு அப்படியே நிற்கிறது. முந்நூறு, ஐந்நூறு இரண்டில் மட்டும் அதற்கு முன்னால் இன்னொரு நகரமும் புள்ளியோடு சேர்கிறது. நானூறு, எண்ணூறு இரண்டும் விலகி நிற்கின்றன. நான்கின் வேர் 'நால்'. அதன் லகரம் நூறோடு மோதும்போது நூறின் நகரம் னகரமாகிறது. எட்டின் வேர் 'எண்'. அதன் ணகரம் நூறின் நகரத்தையும் ணகரமாக்கிவிடுகிறது. 'நாநூறு', 'எந்நூறு' என்று தட்டச்சிட்டவர் விதியைப் பின்பற்றியவர்தான். ஆனால் பாதி விதியை.

லகரம் னகரத்தை இழுத்துவந்ததும், ணகரம் ணகரத்தையே இழுத்துவந்ததும் தற்செயல் இல்லை. ல, ள இரண்டும் மேலே சொன்ன இணைகளில் ஆளுக்கொன்றைச் சேர்ந்தவை. ல, ன, ற மூன்றும் ஒரே இடத்தில் பிறக்கும் உறவினர். ள, ண, ட மூன்றும் இன்னொரு குடும்பம். சொல் உருமாறும்போது ஒரு குடும்பத்து எழுத்து தன் குடும்பத்துக்குள்ளேயே மாறும். அடுத்த வீட்டுக்குப் போகாது. இதைப் பிடித்துக்கொண்டால் லகர ளகரக் குழப்பத்திலும் னகர ணகரக் குழப்பத்திலும் பெரும்பகுதி தீரும். 'கொல்' என்பதன் இறந்தகாலம் கொன்றான். 'கொள்' என்பதன் இறந்தகாலம் கொண்டான். பேச்சில் 'கொண்ணான்' என்றும் 'கொண்டான்' என்றும் எப்படிச் சொன்னாலும், எழுத்தில் ஒன்று ற வீடு, மற்றொன்று ட வீடு. செல், வெல், முயல் ஆகியவை சென்றான், வென்றான், முயன்றான் ஆகும். ஆள், மீள், உருள் ஆகியவை ஆண்டான், மீண்டான், உருண்டான் ஆகும்.

பெயர்ச்சொற்களிலும் இது நடக்கும். கற்றான் என்பதால் கல்வி. கேட்டான் என்பதால் கேள்வி. தோற்றான் என்பதால் தோல்வி. சொற்கள் என்று வருவதால் சொல். முட்கள் என்று வருவதால் முள். கடற்கரை என்பதால் கடல். பொருட்செலவு என்பதால் பொருள். 'மை' சேரும் சொற்களில் இந்த உறவு இன்னும் தெளிவாகத் தெரியும். மெல்லியது மென்மை, வெள்ளையானது வெண்மை, இல்லாதது இன்மை, உள்ளது உண்மை. 'வன்முறை' எந்த னகரம் என்று ஐயம் வந்தால் 'வல்' என்ற வேரை நினைத்தால் போதும். வள்ளல் தொடர்பான 'வண்மை' அடுத்த வீடு. உண்டான் என்பதும் தின்றான் என்பதும் சாப்பாட்டைப் பற்றியவைதான். ஆனால் உண் ஒரு குடும்பம், தின் வேறு குடும்பம். ஊட்டு என்பதில் டகரம் இருப்பது அதற்குச் சாட்சி. பொன் பொற்காலம் ஆகும். மண் மட்பாண்டம் ஆகும். 'சொல்' போன்ற சில சொற்கள் சொன்னான் என்று றகரத்தை விட்டுவிட்டாலும், சொற்கள் என்னும்போது வீடு திரும்பிவிடுகின்றன.

ழகரம் இந்த இரண்டு வீட்டிலும் சேராத தனிக்கட்டை. எந்த எழுத்து பின்னால் வந்தாலும் பெரும்பாலும் அது மாறாமல் நிற்கும்: வாழ்ந்தான், புகழ்ந்தான், சூழ்ந்தது, அழுதான், தொழுதான். இந்தப் பிடிவாதமே அதை அடையாளம் காணும் வழியும் ஆகிறது. இறந்தகாலத்தில் 'ண்ட'வோ 'ன்ற'வோ வராமல் எழுத்து அப்படியே நின்று 'ந்த' சேர்ந்தால், அந்த எழுத்து ழ-வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ழகரம் இரட்டிப்பதும் இல்லை. பள்ளி உண்டு, பல்லி உண்டு. 'ழ்ழ' என்று ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை.

ழகரத்துக்கு இன்னொரு சலுகையும் உண்டு. தமிழில் ஒரு சொல்லுக்குள் இரண்டு புள்ளியெழுத்துகள் அடுத்தடுத்து நிற்பது அரிது. அப்படி நின்றால் முதலில் நிற்பது ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகவே இருக்கும்: பாய்ச்சல், பார்த்தான், வாழ்க்கை. நன்னூல் இதை விதியாகவே சொல்கிறது. (அந்நூலை எழுதிய பவணந்தி முனிவரின் பெயரே ணகரமும் நகரமும் அடுத்தடுத்து வரும் ஒரு சோதனை.) ல், ள் இரண்டுக்கும் அந்த உரிமை கிடையாது. ஆகவே 'வாள்த்து', 'வால்க்கை', 'வாள்ந்தார்', 'தாள்ப்பாள்' என்று எழுதப்பட்டவை பொருள் பார்க்காமலே பிழை. வாழ்த்து மடலில் ழ தவறாமல் இருக்க இந்த ஒரு விதியே போதும். பல்ப், ஃபில்ம் போன்ற இரவல் சொற்களை இந்த விதி கட்டுப்படுத்தாது.

இனி விசைப்பலகை. பிழை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எதைத் தேடுவது என்றும் தெரியும். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் பெறும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகள் பலவற்றில் `n` தட்டினால் ன, `N` தட்டினால் ண. `l` தட்டினால் ல, `L` தட்டினால் ள, `z` தட்டினால் ழ. அதாவது ண, ள இரண்டுக்கும் Shift விசை வேண்டும். அவசரத்தில் சுண்டுவிரல் அதை அழுத்தத் தவறினால் ண எல்லாம் ன ஆகும். ள எல்லாம் ல ஆகும். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் Shift சிக்கல் இல்லை. அங்கே ன, ட, ண மூன்றும் `i`, `o`, `p` விசைகளில் வரிசையாக இருக்கின்றன. விரல் ஒரு விசை நகர்ந்தால் போதும், எழுத்து மாறிவிடும். ஆனால் இதே விசைப்பலகையில் ஒரு காவலும் உண்டு. ண, ட இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் புள்ளி தானாக விழுந்து 'ண்ட' ஆகிவிடும். ந, த தட்டினால் 'ந்த'. ன, ற தட்டினால் 'ன்ற'. இணை தவறி ன, ட என்று தட்டினால் புள்ளி விழாது. திரையில் புள்ளி காணாமல் போனதைக் கவனிப்பவர் அங்கேயே திருத்திக்கொள்வார்.

இதிலிருந்து ஒரு துப்பும் கிடைக்கிறது. ஒரே ஆவணத்தில் 'பள்ளி' என்றும் 'பல்லி' என்றும் மாறி மாறி வந்தால் அது விரல் செய்த பிழை. எழுதியவருக்குச் சரியான வடிவம் தெரியும். எல்லா இடத்திலும் ஒன்றுபோல 'வாளைமரம்' என்றே இருந்தால் அது நாக்கு செய்த பிழை. விரல் பிழை எங்கும் சிதறிக் கிடக்கும்; முழுவதையும் படித்துத்தான் ஆக வேண்டும். நாக்குப் பிழையை ஒருமுறை கண்டுகொண்டால், அதே சொல்லைத் தேடி எல்லா இடத்திலும் திருத்தலாம்.

தேடல் வசதி உள்ள எந்த மென்பொருளிலும் ன்ட, ந்ட, ண்ற, ந்ற, ண்த, ன்த, ன்ந, ழ்ழ ஆகிய துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடலாம். Regular expression தேடலை ஏற்கும் VS Code போன்ற உரைத்தொகுப்பானில் ஆவணத்தின் படியை ஒட்டினால் இரண்டு வரிகளில் இன்னும் கொஞ்சம் அள்ளலாம்:

```
(^|\s)[ணனளழ]
[லள]\u0BCD[கசதபநம]\u0BCD
```

முதல் வரி, ண, ன, ள, ழ நான்கில் ஒன்றால் தொடங்கும் சொற்களைப் பிடிக்கும். 'ழகரம்' போன்று எழுத்தைப் பற்றியே பேசும் சொற்களும் அதில் சிக்கும், அவற்றை விட்டுவிடலாம். இரண்டாம் வரியில் உள்ள `\u0BCD` என்பது புள்ளியின் யூனிகோடு எண். ல், ள் இரண்டில் ஒன்றுக்குப் பின் இன்னொரு புள்ளியெழுத்து வந்தால் இந்த வரி காட்டிக்கொடுக்கும்.

கண்டதை எல்லாம் ஒரே சொடுக்கில் மாற்றும் Replace All பொத்தான் தமிழில் ஆபத்தானது. 'வலி' என்பதை 'வழி' என்று மாற்றச் சொன்னால், 'வலியுறுத்துகிறோம்' என்பது 'வழியுறுத்துகிறோம்' ஆகிவிடும். 'வலிமை' என்பது 'வழிமை' ஆகிவிடும். முழுச் சொல்லை மட்டும் தேடச் சொன்னாலும் பயன் குறைவு. தமிழ்ச் சொல் வேற்றுமை உருபோடு ஒட்டியே நடமாடுவதால் வலியை, வலியால், வலிக்கு எல்லாம் வேறு சொற்களாகி நழுவிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே பாதுகாப்பு.

ஒரு மாதிரி அறிவிப்பை எடுத்துக்கொண்டு இவற்றை எல்லாம் செய்து பார்க்கலாம்:

"குடியிருப்போர் சங்கத்தின் ஆன்டு விழா ஆணி மாதம் நடைபெறும். தலைவர் வாள்த்துரை வழங்குவார். முன்னூறு பேர் கலந்துகொல்வார்கள். மைதாணத்தைப் பயன்படுத்த நகராட்சி அனுமதி அழித்துள்ளது. அனைவருக்கும் ஒரு வேலை உணவு உண்டு. அன்நாளில் குடிநீர் விநியோகம் இருக்காது."

இதில் ஒன்பது பிழைகள். முதலில் துண்டுத் தேடல். 'ன்ட' தேடினால் 'ஆன்டு' கிடைக்கும். ஆண்டு என்று திருத்த வேண்டும். 'ன்ந' தேடினால் 'அன்நாளில்' கிடைக்கும். வெட்டிப் பார்த்தால் அ, நாள் என்று பிரியும்; எனவே அந்நாளில். இரண்டாம் தேடல் வரி 'வாள்த்துரை'யைப் பிடிக்கும், அது வாழ்த்துரை. மூன்று பிழைகள் பொருள் பார்க்காமலே தீர்ந்தன. அடுத்தது எழுத்துப் பிழைதிருத்தி. 'மைதாணம்' என்று தமிழில் ஒரு சொல்லே இல்லாததால் அது சிவப்புக் கோடு போடும். மைதானம் இரவல் சொல் என்பதால் வேர் தேடிப் பயனில்லை; அகராதியில் உள்ளபடி எழுத வேண்டியதுதான்.

பிறகு உறவு பார்க்க வேண்டியவை இரண்டு. 'கலந்துகொல்வார்கள்' என்பதை இறந்தகாலத்துக்கு மாற்றினால் கலந்துகொண்டார்கள் என்று வரும். ட வீடு என்பதால் ளகரம்: கலந்துகொள்வார்கள். திருத்தாமல் விட்டால் விழா கொலைக்களம் ஆகிவிடும். 'முன்னூறு' என்பதை வெட்டினால் நூறு கிடைக்கிறது. எண்ணுப் பெயர் கணக்குப்படி முந்நூறு.

மிஞ்சும் மூன்றும் எந்தத் தேடலிலும் சிக்காதவை. மூன்றும் நல்ல தமிழ்ச் சொற்கள். வந்த இடம்தான் தவறு. ஆணி சுவரில் அடிப்பது, மாதம் ஆனி. வேலை செய்வது, உணவு உண்ணும் பொழுது வேளை. அளிப்பது கொடுப்பது, அழிப்பது இல்லாமல் செய்வது. நகராட்சி அனுமதியை அளித்ததா அழித்ததா என்பதில் விழா நடக்குமா நடக்காதா என்பதே அடங்கியிருக்கிறது. இந்த வகைப் பிழைக்கு ஒரு சிறு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சொற்களை மட்டும் ஆவணத்தில் தேடி, ஒவ்வொரு இடத்திலும் வாக்கியத்தைப் படித்துப் பார்ப்பதே வழி. அலுவலக ஆவணங்களுக்கு அந்தப் பட்டியல் நீளமானதல்ல: பணி–பனி, ஆணை–ஆனை, மணம்–மனம், வேலை–வேளை, அளி–அழி, ஒலி–ஒளி–ஒழி, வலி–வழி, விலை–விளை, கழி–களி. எதற்கு எது என்று ஐயம் வந்தால், இன்று வழங்கும் சொல்லுக்கு 1992இல் முதன்முதலாக வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையும், பழைய சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனையும் புரட்டலாம்.

அறிவிப்பில் 'விநியோகம்' என்பது நடுவில் நகரத்தோடு சரியாகவே நிற்கிறது. திருத்தும் வேகத்தில் அதை 'வினியோகம்' ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.